ஒன்று என்றால் வருகிறேன், இரண்டு என்றால் முடியாது: ஒரு கிளினிக் எஸ்எம்எஸ் அமைத்த பதிவு

சுங்கை சிப்புட் டவுனில் எனக்குக் கைப்பேசி, கம்ப்யூட்டர் ரிப்பேர் கடை. இரண்டு கடை தள்ளி ஒரு தனியார் கிளினிக். அங்கே திங்களும் புதனும் காலையில் இனிப்பு நீர், ரத்த அழுத்தக்காரர்களுக்கு ரத்தம் எடுப்பார்கள். சுற்றியுள்ள தோட்டங்களிலிருந்தும், தோட்டத்தை விட்டு டவுன் தாமானுக்குக் குடிவந்தவர்களிடமிருந்தும்தான் பெரும்பாலும் ஆள் வரும். லேப் ஆள் 11 மணிக்கு வந்து ரத்தக் குப்பிகளை எடுத்துக்கொண்டு போய்விடுவார். அதனால் காலை நேரங்களுக்கு மட்டும் மதிப்பு அதிகம். 8.30-க்கு வர வேண்டியவர் வராமல் போனால் அந்த இடம் வீண். பத்து மணிக்கு மேல் வேறு ஒருவரைக் கூப்பிட்டு, அதுவும் வெறும் வயிற்றோடு வரச் சொல்ல முடியாது.

இதுவரை கவுண்டர் அக்காதான் ஒவ்வொருவருக்கும் போன் அடித்துக் கேட்டுக்கொண்டிருந்தார். காலையில் அடித்தால் ஆள் செம்பனைக் காட்டுக்குள் இருப்பார், லைன் இருக்காது. மதியம் அடித்தால் தூக்கம். சாயங்காலம் அக்காவுக்கே வீட்டுக்குப் போகும் நேரம். “தம்பி, தானாப் போற மாதிரி ஒரு மெசேஜ். அவங்க வர்றாங்களா இல்லையான்னு எனக்குத் தெரியணும், அது போதும்” என்றார்.

வாட்ஸ்அப் இருக்கும்போது எதற்கு எஸ்எம்எஸ் என்று கேட்பீர்கள். இளவட்டங்களுக்கு வாட்ஸ்அப்பே சரி, அதை அக்கா முன்பே கையால் செய்துகொண்டிருந்தார். சிக்கல் பட்டன் போன் வைத்திருக்கும் தாத்தா பாட்டிகள்தான். நம் நாட்டில் 3ஜி சேவையை 2021 இறுதியில் மூடியபோது பலர் புதிய போனுக்கு மாறினார்கள். அப்போதும் மாறியது பட்டன் போனிலிருந்து இன்னொரு பட்டன் போனுக்குத்தான். அதில் டேட்டா கிடையாது. ரத்தப் பரிசோதனைக்கு அடிக்கடி வர வேண்டியவர்களும் அவர்களே.

அடுத்த கேள்வி, எங்கிருந்து அனுப்புவது. மொத்தமாக எஸ்எம்எஸ் அனுப்பும் சேவைகள் உண்டு. அவை அனுப்புவது ஐந்து இலக்கக் குறு எண்ணிலிருந்து, `RM0.00` என்ற முன்னொட்டோடு வரும். அறிவிப்பு மட்டும் சொல்ல அது நல்ல வழி. பதில் கேட்கும் எஸ்எம்எஸுக்கு அது பொருந்தாது, ஏனென்றால் அந்த எண்ணுக்குப் பதில் போட்டால் பெரும்பாலும் கிளினிக் வரை வந்து சேராது. பதில் வேண்டுமென்றால் சாதாரண பத்து இலக்க எண் வேண்டும். எனவே கிளினிக் பெயரில் ஒரு சிம், கடையில் கிடந்த ஒரு யூஎஸ்பி மோடம், ஒரு சின்ன லினக்ஸ் பெட்டி. அனுப்பவும் பெறவும் ‘கம்மு’ என்ற இலவச மென்பொருள். இந்தக் கிளினிக் ஒரு நாளைக்கு அனுப்புவது கொஞ்சம்தான், அதற்கு ஒரு சிம் தாங்கும். ஆயிரக்கணக்கில் அனுப்ப நினைத்தால் தொலைத்தொடர்பு நிறுவனம் சிம்மை அடைத்துவிடும், அந்த வழிக்கு இது வேண்டாம்.

மோடம் வேலை அரை மணி நேரத்தில் முடிகிற விஷயம். மண்டையை உடைத்துக்கொண்டது வாசகத்தோடுதான்.

டாக்டர் எங்கிருந்தோ எடுத்துத் தந்த மாதிரி இது:

```
Salam sejahtera Tuan/Puan. Ini adalah peringatan mesra daripada pihak klinik mengenai temu janji rawatan kencing manis anda pada hari esok jam 9 pagi. Sila hadir 15 minit awal. Sekiranya tidak dapat hadir, sila hubungi pihak klinik. Terima kasih.
```

மரியாதையில் குறை சொல்ல முடியாது. ஆனால் எந்தக் கிளினிக் என்பது அதில் எங்கேயும் இல்லை, என்ன நாள் என்பது முதல் பாதியைப் படித்து முடிக்கும்வரை கண்ணில் படாது. நோயின் பெயர் அதில் பட்டவர்த்தனமாக இருக்கிறது. இந்த போன்கள் ஒருவருடையவை அல்ல. மருமகள் எடுப்பார், பேரன் கேம் விளையாடுவார், பக்கத்து வீட்டுக்காரர் வாசித்துச் சொல்வார். 2010-ஆம் ஆண்டின் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் உடல்நிலை பற்றிய தகவல் ‘உணர்வுப்பூர்வத் தரவு’ என்ற தனிப் பிரிவில் வருகிறது. சட்டம் இல்லாவிட்டாலும், அம்மாவுக்கு என்ன நோய் என்பதைப் பக்கத்து வீட்டுக்கு நாம் ஏன் சொல்ல வேண்டும்?

‘நாளை’ என்ற சொல்லும் போயாக வேண்டும். லைன் இல்லாத இடத்தில் போன் கிடந்தால் எஸ்எம்எஸ் மறுநாள்கூட வந்து சேரும். அன்றைக்குப் படிப்பவருக்கு ‘நாளை’ என்பது வேறு நாள். கிழமையும் தேதியும் இரண்டும் வேண்டும். தேதியை மறப்பவர்கள் கிழமையைப் பிடித்துக்கொள்வார்கள்.

இணையதள லிங்க், அடையாள அட்டை எண் இரண்டுக்கும் இதில் இடமே இல்லை. லிங்க் உள்ள எஸ்எம்எஸ்களைத் தடுக்கும்படி தொடர்பு பல்லூடக ஆணையம் 2023-இலேயே தொலைத்தொடர்பு நிறுவனங்களுக்கு உத்தரவிட்டது, அதனால் வைத்தாலும் போய்ச் சேராது. அதைவிட முக்கியம், மோசடிக்காரர்களின் எஸ்எம்எஸ் எப்படி இருக்குமோ அப்படி நம்முடையது இருக்கக் கூடாது. இதற்கு அக்கா கண்டுபிடித்த வழி மென்பொருளைவிட நன்றாக வேலை செய்தது. ஆள் கவுண்டருக்கு வரும்போதே போனைக் கேட்டு வாங்கி, இந்த எண்ணை ‘கிளினிக்’ என்று சேமித்துக் கொடுத்துவிடுகிறார். தெரியாத எண் என்ற பயமே எழவில்லை.

மலாயில் கடைசியாக நின்ற வடிவம் இது. பெயர் மாதிரிக்கு, கிளினிக் பெயரையும் எடுத்துவிட்டேன்.

```
KLINIK: Letchumi, temu janji Rabu 15/10, 8.30 pagi. Balas 1 = datang, 2 = tak dapat. Selasa, lepas 10 malam jangan makan, air kosong boleh.
```

மொத்தம் 139 எழுத்து. ஆங்கில எழுத்தில் ஒரு எஸ்எம்எஸ் 160 வரை தாங்கும். கடைசி வாக்கியம் வெறும் வயிற்றோடு வர வேண்டியவர்களுக்கு மட்டும். மூன்று மாத சர்க்கரை அளவு பார்க்கும் பரிசோதனைக்குப் பட்டினி தேவையில்லை, அவர்களுக்கு அந்த வரி போகாது. பட்டினி வரியில் ‘செவ்வாய்’ என்று கிழமை வந்ததற்குக் காரணம் உண்டு, அதைப் பின்னால் சொல்கிறேன். காலை மாத்திரையும் இன்சுலினும் என்ன செய்வது என்பதை டாக்டர் எஸ்எம்எஸில் போட விடவில்லை. அது ஆளுக்கு ஆள் மாறும், நேரில்தான் சொல்ல வேண்டும் என்றார்.

இதை ஒரு முறை வேர்டில் எழுதி ஒட்டிப் பார்த்தேன், அப்போது கவனித்தது: வேர்டு தானாகப் போடும் வளைந்த மேற்கோள் குறியோ நீளக் கோடோ ஒன்று உள்ளே வந்தால் போதும், முழு எஸ்எம்எஸும் யூனிகோடாக மாறிவிடும். அப்போது எல்லை 160 இல்லை, 70. வெற்று நோட்பேடில் எழுதுவதே நல்லது.

தமிழுக்கு எப்போதுமே யூனிகோடுதான். ஒரு எஸ்எம்எஸுக்கு 70 இடம். அதைத் தாண்டினால் துண்டு துண்டாகப் பிரித்து அனுப்பும், ஒவ்வொரு துண்டுக்கும் 67. துண்டுகளை ஒட்டுவதற்கான குறிப்புக்கு மீதி இடம் போய்விடுகிறது. நாம் ஒரு எழுத்து என்று நினைப்பதைப் போன் அப்படி எண்ணாது என்பது இன்னொரு சிக்கல். ‘கி’ இரண்டு இடம், ‘க்’ இரண்டு இடம். கண்ணுக்கு நான்கு எழுத்தாகத் தெரியும் ‘கிளினிக்’ எட்டு இடம் பிடிக்கும். பைத்தானில் பார்த்தால் உடனே தெரியும்:

```
>>> len("கிளினிக்")
8
```

சுருக்கமாக எழுதி 70-க்குள் அடக்கவும் முடிந்தது. ஆனால் அடக்கிய பிறகு அதில் தேதி இல்லை, கிளினிக் பெயர் இல்லை. அப்படி ஒரு எஸ்எம்எஸ் போவதும் போகாததும் ஒன்றுதான். சரி, இரண்டு துண்டு, அதாவது 134 இடம் என்று வைத்துக்கொண்டேன். எழுதியது:

```
கிளினிக்: புதன் 15/10 காலை 8.30. வருவதானால் 1, முடியாவிட்டால் 2 என்று பதில் அனுப்புங்கள். செவ்வாய் இரவு 10க்குப் பின் சாப்பிட வேண்டாம்.
```

எண்ணினால் 135. ஒன்றே ஒன்று கூடுதல், அதற்காக மூன்றாவது துண்டுக் காசு. ‘பதில்’ என்ற சொல்லை எடுத்தால் 129-க்கு இறங்கிவிடும், அர்த்தமும் கெடாது. அதோடு முடித்து டாக்டரிடம் காட்டினேன். அவர் படித்துவிட்டு, “தண்ணி குடிக்கலாம்னு எங்க?” என்று கேட்டார். பட்டினி என்றால் தண்ணீரும் கூடாது என்று நினைத்து வறண்ட தொண்டையோடு வருபவர்கள் உண்டாம். உடலில் நீர் குறைந்தால் வயதானவர்களுக்கு நரம்பு பிடிபடாது, ஊசியை இரண்டு மூன்று இடத்தில் குத்த வேண்டி வரும். ‘தண்ணீர் குடிக்கலாம்.’ சேர்ந்ததும் கணக்கு 150. மூன்று துண்டு ஆகிவிட்டது, ஆகட்டும் என்றார். இடம் தாராளமாகக் கிடைத்ததால் ‘பதில்’ என்ற சொல்லும் திரும்பி வந்தது. பட்டினி தேவையில்லாதவர்களுக்கு இரண்டு துண்டோடு முடிகிறது.

கம்முவில் தமிழை அனுப்பும்போது யூனிகோடு என்றும், ஒரு துண்டுக்கு மேல் போகும் என்றும் வெளிப்படையாகச் சொல்ல வேண்டும்:

```
gammu-smsd-inject TEXT "$NO" -unicode -len 200 -text "$MESEJ"
```

ஆனால் எல்லா போனிலும் தமிழ் தெரியாது. சில பட்டன் போன்களில் தமிழ் எழுத்து இருக்காது. “தம்பி, பாட்டி போன்ல வெறும் பொட்டி பொட்டியா வருது” என்று அக்கா கூப்பிட்டுக் காட்டினார். அதற்குப் பிறகு ஒரு பழக்கம் வைத்தோம்: எண்ணைச் சேமிக்கும்போதே கவுண்டரிலிருந்து ஒரு தமிழ் எஸ்எம்எஸ் அனுப்பிப் பார்ப்பது. எழுத்து வந்து, படிக்கவும் தெரிந்தால் ‘த’. இல்லையென்றால் ‘ம’, மலாய். இரண்டும் தோதுப்படாதவர்களுக்கு ‘போன்’ என்று அட்டையில் குறித்து, அவர்களை மட்டும் அக்கா பழையபடி கூப்பிடுகிறார். ஆங்கில எழுத்தில் தமிழை எழுதி அனுப்பலாமே என்றும் ஒரு யோசனை வந்தது. நம் பிள்ளைகள் அப்படித்தான் எழுதிக்கொள்கிறார்கள். தமிழ்ப் பள்ளியில் நாலாவதோடு நின்ற பாட்டிக்கு அது தமிழும் இல்லை, மலாயும் இல்லை. நான் வேண்டாம் என்றேன்.

இனி பதில். எண்ணைத் தேர்ந்ததற்குக் காரணம், எந்த மொழிக்காரருக்கும் 1 என்றால் 1. ஆனால் பட்டன் போனில் எண் அடிப்பது அவ்வளவு சுலபம் இல்லை. எழுதும் நிலையில் 1-ஆம் பட்டனை ஒரு தட்டு தட்டினால் வருவது புள்ளி. 2-ஆம் பட்டனைத் தட்டினால் ‘a’. அழுத்திப் பிடித்தால்தான் எண் வரும். அதனால் வெறும் புள்ளி மட்டும் பதிலாக வந்து நின்றால் அது பெரும்பாலும் 1 என்றே பொருள். முதல் வாரத்தில் வந்த பதில்களில் சில வகைகள் இவை:

```
1
.
ok
a
10 mani varen
15/10 tak boleh
siapa ni
```

இதில் ஐந்தாவதையும் ஆறாவதையும் பாருங்கள். ‘பதிலில் 1 இருக்கிறதா’ என்று மட்டும் சோதிக்கிற நிரல் இரண்டையும் ‘வருகிறேன்’ என்று பதிந்துவிடும். முன்னவர் நேரத்தை மாற்றிக் கேட்கிறார், பின்னவர் வரவே முடியாது என்கிறார். எனவே பதில் முழுவதும் 1 ஆக இருந்தால் மட்டுமே 1. இடைவெளிகளை எல்லாம் நீக்கிவிட்டு நேராக ஒப்பிட வேண்டும்:

```
jawab=$(printf '%s' "$SMS_1_TEXT" | tr -d ' \r\n' | tr 'A-Z' 'a-z')
case "$jawab" in
  1|1.|.|ok) status=DATANG ;;
  2|2.)      status=TAK ;;
  *)         status=TENGOK ;;
esac
```

எஸ்எம்எஸ் வந்தவுடன் கம்மு இந்த நிரலை இயக்கும் (`RunOnReceive` என்ற அமைப்பு). அனுப்பியவர் எண் `SMS_1_NUMBER`-இல் இருக்கும். ‘தெங்கோக்’ என்று விழுபவை எல்லாம் அக்காவின் திரையில் வரிசையாக நிற்கும், அவர் படித்துத் தீர்மானிப்பார்.

புள்ளியை 1 என்று ஏற்றுக்கொண்டு, ‘a’-வை 2 என்று ஏற்கவில்லை என்பதைக் கவனித்திருப்பீர்கள். வருகிறேன் என்று தவறாகப் பதிந்தால் ஒரு காலை நேரம் வீணாகும், அவ்வளவுதான். வர மாட்டேன் என்று தவறாகப் பதிந்தால், பட்டினியோடு பஸ் பிடித்து வந்த ஆளுக்குக் கவுண்டரில் இடம் இருக்காது. இரண்டும் சம எடை இல்லை. அதனால் ரத்துப் பக்கம் சந்தேகத்துக்கு இடமே வைக்கவில்லை.

எண்ணை ஒப்பிடுவதில் ஒரு சின்னக் கண்ணி உண்டு. உள்ளே வரும் எண் `+60`-இல் தொடங்கும். கிளினிக் பட்டியலில் அது 0-வில் தொடங்கும், நடுவில் கோடு இருக்கும். கோடு இல்லாமல் அடித்திருந்தால் எக்செல் அந்த முதல் 0-வையும் தின்றுவிடும். அந்தக் கட்டங்களை முதலிலேயே ‘டெக்ஸ்ட்’ வகைக்கு மாற்றிவிட்டு, எல்லா எண்ணையும் 60-இல் தொடங்கும் வெறும் இலக்கங்களாக ஆக்கிய பிறகே ஒப்பிட வேண்டும்.

நிரல் பதில் அனுப்புவது அன்றைய பட்டியலில் உள்ள எண்களுக்கு மட்டும், ஒரு நினைவூட்டலுக்கு ஒரே ஒரு தடவை. இதை விட்டுவிட்டால் சிம் நிறுவனம் அனுப்பும் விளம்பரத்துக்கும் ‘தெரிமா காசே’ சொல்லும். மறுபக்கத்திலும் தானாகப் பதில் போடும் போன் இருந்தால் இரண்டும் விடிய விடியப் பேசிக்கொண்டு டாப் அப்பைக் காலி செய்யும். சந்திப்பு நேரம் தாண்டி வரும் பதிலும் அக்காவிடம்தான் போகும். இல்லாவிட்டால் போன மாதத்துப் பதில் அடுத்த மாதத் தேதியில் ஒட்டிக்கொள்ளும்.

1 அனுப்பியவருக்குத் திரும்பப் போவது நன்றியும் தேதியும் நேரமும். 2 அனுப்பியவருக்குப் போவதை எழுதத்தான் டாக்டர் அதிக நேரம் எடுத்துக்கொண்டார். ‘உங்கள் சந்திப்பு ரத்து செய்யப்பட்டது’ என்று முதலில் வைத்திருந்தேன். அதைப் படிப்பவர் விஷயம் முடிந்தது என்று நிம்மதியாக இருந்துவிடுவார், மாத்திரை தீரும்வரை கிளினிக் பக்கம் வர மாட்டார் என்றார் டாக்டர். இனிப்பு நீர்க்காரருக்கு அது ஆபத்து. அதனால் இப்போது போவது இது:

```
Baik. Klinik akan telefon untuk tarikh baru.
```

இப்படி எழுதிவிட்டால் கிளினிக் கட்டாயம் போன் அடித்தாக வேண்டும். எனவே 2 வந்தவுடன் அந்த நேரம் மற்றவர்களுக்குத் திறந்துவிடும். ஆனால் அந்த ஆளின் பெயர் பட்டியலை விட்டுப் போகாது, புதுத் தேதி எழுதும்வரை சிவப்பில் நிற்கும். 2 அனுப்பிவிட்டு மனம் மாறி 1 அனுப்புபவர்களும் உண்டு. இடம் இன்னும் காலியாக இருந்தால்கூட நிரல் தானாக மாற்றாது, அக்கா பேசுவார்.

ஒரே போனில் இரண்டு நோயாளிகள் இருப்பது இங்கே சகஜம். மகன் போன் எண்ணைத்தான் அப்பாவும் அம்மாவும் கொடுப்பார்கள். இரண்டு எஸ்எம்எஸ் போய் ஒரே ஒரு ‘1’ வந்தால் அது யாருக்கு? இருவருக்கும் ஒரே நாள் என்றால் சேர்த்து ஒரே எஸ்எம்எஸ் போகும்படி மாற்றினேன்:

```
KLINIK: Rabu 15/10. Letchumi 8.30 pagi: 1 = datang, 2 = tak dapat. Muniandy 8.45 pagi: 3 = datang, 4 = tak dapat.
```

‘1 3’ என்று ஒரே பதிலில் வந்தால் இடைவெளி நீங்கி 13 ஆகிவிடும். மேலே உள்ள நிரலில் 3, 4, 13 எதுவும் இல்லாததால் அவை எல்லாம் அக்காவிடம் போகும். அவருக்கு ஒரு பார்வையில் புரியும், அதற்காக நிரலைச் சிக்கலாக்கவில்லை. இருவருக்கும் வெவ்வேறு நாள் என்றால், முதலாமவரின் நாள் முடியும்வரை இரண்டாவது எஸ்எம்எஸ் காத்திருக்கும்.

எப்போது அனுப்புவது என்பதில் நான் வைத்திருந்த யோசனையை அக்கா மாற்றினார். முந்தின நாள் சாயங்காலம்தானே வழக்கம் என்றேன். “தோட்டத்து ஆளுக்கு அது லேட்டு தம்பி. லீவு வேணும்னா மண்டோர்கிட்ட முந்தின நாளே சொல்லணும். விடியக்காலைப் பெரட்டுல போய்ச் சொன்னா ஏச்சுதான்” என்றார். அதனால் இரண்டு நாளுக்கு முன், மாலை 5 மணிக்கு. புதன் சந்திப்புக்குத் திங்கள், திங்கள் சந்திப்புக்குச் சனி. வேலை முடிந்து குளித்து, போன் கையில் இருக்கும் நேரம். மறுநாள் முகத்துக்கு நேராக மண்டோரிடம் சொல்லவும் ஒரு நாள் கிடைக்கிறது. பட்டினி வரியில் கிழமை வந்தது இதனால்தான்: திங்கள் மாலை ‘இரவு 10-க்குப் பின் சாப்பிட வேண்டாம்’ என்று மட்டும் படித்தால் அன்றிரவே பட்டினி கிடப்பார்கள்.

பதில் வராதவர்களுக்கு மறுநாள் மதியத்துக்கு மேல் அக்கா போன் அடிக்கிறார். பதில் இல்லை என்றால் வர மாட்டார் என்று அர்த்தம் இல்லை. பெரும்பாலும் போனில் காசு இல்லை என்றுதான் அர்த்தம். பதில் எஸ்எம்எஸ் அனுப்பச் சில காசாவது டாப் அப் இருக்க வேண்டும். மிஸ்டு கால் கொடுத்தால் ஒன்றும் குறையாது, ஆனால் மோடம் மணி அடித்து யாரும் கேட்கப் போவதில்லை. சிம்மைச் சாதாரண போனில் போட்டு, வரும் அழைப்புகளைக் கவுண்டர் கைப்பேசிக்குத் திருப்பிவிட்டேன்:

```
**21*0XXXXXXXXX#
```

எடுத்துவிட `##21#`, நிலை பார்க்க `*#21#`. ஒரு முறை அமைத்தால் சிம் மோடத்துக்குத் திரும்பிய பிறகும் அது நிலைக்கும், ஏனென்றால் அமைப்பு இருப்பது சிம்மில் இல்லை, நிறுவனத்தின் பக்கம். சில பிரீபெய்ட் திட்டங்களில் இந்த வசதி கிடையாது, வாங்கும்போதே கேட்டுக்கொள்ளுங்கள். அழைப்பை அக்கா எடுத்தால் திருப்பிய பகுதிக்கான காசு சிம்மில் கழியும் என்பதால், மணி நின்ற பிறகு கிளினிக் லைனிலிருந்து அவரே திரும்ப அடிக்கிறார். தாத்தாக்களுக்கு இந்த வழிதான் பிடித்திருக்கிறது. எண்ணே அடிக்க வேண்டாம், பச்சை பட்டன் ஒன்று போதும்.

போன் அடிப்பதை விட்டுவிட்டு எஸ்எம்எஸ் நம்பலாமா என்று டாக்டருக்குத் தயக்கம் இருந்தது. 2013-இல் வெளிவந்த காக்ரேன் தொகுப்பாய்வு, நினைவூட்டல் இல்லாததைவிட எஸ்எம்எஸ் நினைவூட்டலால் வருகை கூடுகிறது என்றும், போன் அழைப்புக்கு ஏறக்குறைய சமமாக இருக்கிறது என்றும் சொல்கிறது. அது அவருக்குப் போதுமானதாக இருந்தது. எனக்குக் கண்ணில் பட்டது வேறு: அக்காவின் போன் பட்டியலில் இப்போது இருப்பது ‘போன்’ என்று குறித்தவர்களும், பதில் வராதவர்களும், 2 சொன்னவர்களும்தான்.

பராமரிப்பு அதிகம் இல்லை. தினமும் ஒரு முறை இதைப் பார்க்க வேண்டும்:

```
ls /var/spool/gammu/error/
```

இங்கே கோப்பு இருந்தால் எஸ்எம்எஸ் கிளினிக்கை விட்டே போகவில்லை. எல்லாமே இங்கே குவிந்தால் சிம்மில் காசு தீர்ந்தது, அல்லது பிரீபெய்ட் காலக்கெடு முடிந்தது. ஒன்றிரண்டு மட்டும் இருந்தால் எண்ணில் இலக்கம் குறைகிறது. `011`-இல் தொடங்கும் எண்களுக்குப் பிற எண்களைவிட ஓர் இலக்கம் அதிகம், அட்டையில் எழுதும்போது அதைத்தான் அதிகம் விடுகிறார்கள். நம் பக்கத்திலிருந்து போனதா என்பது வேறு, அவர் போனில் விழுந்ததா என்பது வேறு. இரண்டாவதைப் பார்க்க `DeliveryReport = log` என்று அமைப்புக் கோப்பில் போட்டிருக்கிறேன். விழாதவை மறுநாள் அக்காவின் பட்டியலில் தானாகவே ஏறிவிடும், பதில் வராதவர்களோடு.

மேலே உள்ள பதில்களில் கடைசியாக ஒன்று இருந்தது: `siapa ni`. பழைய பிரீபெய்ட் எண்ணை விட்டுவிட்டால் நிறுவனம் அதை வேறொருவருக்குக் கொடுத்துவிடும். அந்த எண்ணுக்கு நிரல் இனி எதுவும் அனுப்பாது. அட்டையில் எண்ணுக்கு மேல் ஒரு கோடு போட்டு வைக்கிறோம். அந்த எண்ணை முன்பு வைத்திருந்த பெரியம்மாவின் மகள் சந்தைக்கு வரும்போது கிளினிக்கில் தலைகாட்டினால் புது எண் கிடைக்கும். அதுவரை தோட்டத்திலிருந்து வரும் யாரிடமாவது தேதியைச் சொல்லி அனுப்புகிறார் அக்கா.